கனி இருக்கக் காய் கடிப்பது: ஒரு குறளை இரண்டு ஸ்பானிய வரிகளுக்குள் கொண்டுவருவது எப்படி

அலுவலகத்தில் என் மேசை மேல் நாளுக்கு ஒரு குறள் காட்டும் நாள்காட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்து இருக்கையில் கொலம்பியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த நண்பர். ஒரு நாள் தாளைக் கிழித்தபோது நூறாவது குறள் வந்தது. "இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். சமூக நிலையத்தில் மாலை வகுப்புக்குப் போய் இரண்டு ஆண்டுகளாக ஸ்பானியம் படிக்கிறேன் என்ற தைரியத்தில், அவர் மொழியிலேயே சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "புரிந்தது. ஆனால் நீங்கள் சொன்னது விளக்கம். அந்த வரி எங்கே?"

அந்த வரியைத் தேடிய கதைதான் இது. ஸ்பானியம் ஓரளவு தெரிந்து, ஒரு குறளையாவது பெயர்க்கலாம் என்று முதன்முறையாக உட்காருபவருக்கு உதவும் என்று, நான் போன வழியை வரிசையாக எழுதுகிறேன். ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இந்த வேலையில் பாதி காதில்தான் நடக்கிறது. ஆகவே, படிக்கும்போது தயவுசெய்து வாய்விட்டுப் படியுங்கள்.

முதலில் குறளைக் கலைத்துப் போடுங்கள்

இனிய உளவாக இன்னாத கூறல்
கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று.

பத்தாம் அதிகாரமான இனியவை கூறலின் கடைசிக் குறள். தொடக்கப் பயிற்சிக்கு இதை நான் பரிந்துரைக்கக் காரணம், இதில் ஒரே ஓர் உவமைதான் இருக்கிறது. அதுவும் வாயில் போட்டுப் பார்க்கக்கூடிய உவமை. அகல் விளக்கு, ஆகுளி, அன்றில் என்று அடிக்குறிப்பு கேட்கும் பொருள் எதுவும் இல்லை. பழமும் காயும் எல்லா ஊரிலும் உண்டு. (அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

ஏழு சீர்களையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். இந்தக் குறளில் "சொல்" என்ற சொல்லே இல்லை. "இனிய", "இன்னாத" என்று பன்மையில் நிற்கும் பண்புகள் மட்டும் இருக்கின்றன. "கூறல்" என்ற வினைதான் அவற்றைச் சொற்கள் ஆக்குகிறது. "ஒருவன்" இல்லை. "நீ" இல்லை. யார் கூறினாலும் இதே கணக்குதான். "மரம்" இல்லை, "கை" இல்லை. "கூடாது" என்ற அறிவுரையும் இல்லை. ஒப்புமையைச் சொல்லும் "அற்று" கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தப் பட்டியலை எழுதாமல் மொழிபெயர்க்கத் தொடங்குபவர், குறளில் இல்லாததை எல்லாம் ஸ்பானியத்தில் சேர்த்துவிடுவார். நானும் சேர்த்தேன். நண்பரிடம் முதலில் சொன்ன வாக்கியம் இது: தெசீர் பலாப்ராஸ் தெசாக்ரதாப்லெஸ் குவாந்தோ எக்சிஸ்தென் பலாப்ராஸ் அக்ரதாப்லெஸ் எஸ் கோமோ தொமார் ஃப்ரூதாஸ் பேர்தெஸ் குவாந்தோ அய் ஃப்ரூதாஸ் மதூராஸ். "இனிமையான சொற்கள் இருக்கும்போது இனிமையற்ற சொற்களைச் சொல்வது, பழுத்த பழங்கள் இருக்கும்போது பழுக்காத பழங்களை எடுப்பதைப் போன்றது." பிழை எதுவும் இல்லை, ஆனால் 37 அசை. இங்கே அசை என்று நான் சொல்வது நம் யாப்பின் நேர், நிரை அன்று. ஓர் உயிரோசைக்கு ஓர் அசை என்ற ஸ்பானியக் கணக்கு. அதே கணக்கில் குறளை எண்ணினால் முதல் அடி 12, இரண்டாம் அடி 10, மொத்தம் 22. இந்த 22 என்ற எண்ணைத் தாளின் மேல் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன்.

உரையைப் பாருங்கள், ஆனால் உரையை மொழிபெயர்க்காதீர்கள்

பரிமேலழகர் இந்தக் குறளுக்கு ஒரு சுவையான குறிப்பு வைத்திருக்கிறார். இனிய கனி என்றது ஔவை உண்ட நெல்லிக்கனி போல அமிழ்தானவற்றையாம். இன்னாத காய் என்றது காஞ்சிரங்காய் போல நஞ்சானவற்றையாம். ஆக அவர் கண்ணில் காய் என்பது வெறுமனே பழுக்காதது அன்று, கொல்லக்கூடியது. கவர்தலை அவர் நுகர்தலாகவே கொள்கிறார். இனிய சொற்களும் "தனக்கு" உளவாயிருக்க என்று ஒரு "தனக்கு" சேர்க்கிறார்.

இங்கே நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நஞ்சு என்று போனால் ஸ்பானிய வரி கனமாகிவிடும். "ஃப்ரூதா பெனெனோசா" என்றதும் பேச்சு கொலையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. எனக்கு இந்தக் குறளின் அழகு அதன் சிறுமையில் இருக்கிறது. பழம் அங்கேயே இருக்கிறது, இவன் போய்க் காயைக் கடிக்கிறான். அது பாவம் என்பதைவிட அசட்டுத்தனம். எனவே காஞ்சிரங்காயை உரையிலேயே விட்டுவிட்டேன். "தனக்கு" என்ற சொல்லையும் "நுகர்தல்" என்ற பொருளையும் மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன். அவை இரண்டும் பின்னால் கைகொடுத்தன.

எட்டசையில் ஒரு கரட்டு வரைவு

ஸ்பானியப் பாட்டுக்கும் பழமொழிக்கும் மிகவும் பழகிய அளவு எட்டசை. நேராக 22 அசைக்குக் குதிக்காமல் முதலில் இந்த அளவில் எழுதிப் பாருங்கள். மொழி தானாகவே வந்து உட்காரும்.

அபியெந்தோ பலாப்ராஸ் துல்செஸ்,
தெசீர் பலாப்ராஸ் அமார்காஸ்:
அபியெந்தோ ஃப்ரூதா மதூரா,
அர்ரான்கார் லா ஃப்ரூதா பேர்தே.

"இனிய சொற்கள் இருக்க, கசந்த சொற்களைச் சொல்லல்: பழுத்த பழம் இருக்க, பச்சைப் பழத்தைப் பறித்தல்." நான்கு வரி, ஒவ்வொன்றும் எட்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்து எனக்கே வியப்பு.

இதில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, "குவாந்தோ" என்ற "போது" போய், "அபியெந்தோ" வந்துவிட்டது. ஸ்பானிய மொழியின் இந்த "-யெந்தோ" வடிவம், நம் "உளவாக", "இருப்ப" என்ற எச்சங்களைப் போல, ஆள் இல்லாமல் சூழ்நிலையை மட்டும் விரித்துவைக்கும். இன்னொன்று, "தெசீர்", "அர்ரான்கார்" என்ற வினையின் மூல வடிவம் "கூறல்" என்ற தொழிற்பெயரைப் போலவே பெயராகவும் நிற்கும். யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் "ஒருவன்" என்று யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும் இடத்தில் ஸ்பானியமும் தமிழும் பேசாமல் கடந்து போகின்றன.

"கோமோ", அதாவது "போல", காணாமல் போனதையும் பாருங்கள். அதற்குப் பதில் முக்காற்புள்ளி. ஸ்பானியப் பழமொழிகள் இப்படித்தான் இரண்டு பாதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். "தெ தால் பாலோ, தால் அஸ்தீயா" என்பார்கள்: எப்படிப்பட்ட கட்டையோ, அப்படிப்பட்ட சிராய். வினைச்சொல்லே கிடையாது. அந்த மொழிக்காரரின் காது இதற்குப் பழகியது என்பதால், உவம உருபைத் தைரியமாக எடுத்துவிடலாம்.

ஆனாலும் இது 32 அசை. "பலாப்ராஸ்" இரண்டு முறை, "ஃப்ரூதா" இரண்டு முறை. குறள் போல் அடிக்காமல் தாலாட்டுப் போல் ஆடுகிறது.

சொற்களை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பாருங்கள்

சுருக்குவதற்கு முன் சொற்களைச் சோதிக்க வேண்டும். தவறான சொல்லைச் சுருக்கினால் தவறு இன்னும் உரக்கக் கேட்கும். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி dle.rae.es என்ற முகவரியில் இலவசமாகக் கிடைக்கிறது. இருமொழி அகராதியோடு நின்றுவிடாதீர்கள்; அது முதல் பொருளைக் கொடுத்துவிட்டு மற்றவற்றை மறைத்துவிடும்.

காய்க்குத் தனிச்சொல் ஸ்பானியத்தில் இல்லை. "பச்சை" என்ற நிறச்சொல்லான "பேர்தே" என்பதே பழுக்காததையும் குறிக்கிறது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. "சிஸ்தே பேர்தே" என்றால் பச்சையான நகைச்சுவை, நம் ஊர்ப் பொருளிலேயே. ஆகவே உவமையைச் சுருக்கும் ஆசையில் "பச்சைச் சொற்கள்" என்று எழுதிவிட்டால், கடுஞ்சொல் ஆபாசமாகிவிடும். "பேர்தே" பழத்தின் பக்கத்தில் மட்டுமே நிற்க வேண்டும்; "சொல்லல்" இருக்கும் பாதிக்குள் வரக்கூடாது.

ஒரே சொல்லில் "காய்" வேண்டும் என்று தேடியபோது "அக்ராஸ்" அகப்பட்டது. பழுக்காத திராட்சை என்று பொருள். மனக்கசப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒரு மாலை முழுவதும் இதோடு மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் பார்த்தால் என் குறளில் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. போதாததற்கு, நண்பரின் கொலம்பியாவில் அக்ராஸ் என்பது மலையில் விளையும் ஒரு கறுநீலச் சிறுபழத்தின் பெயர், விரும்பிச் சாப்பிடுவார்களாம். விட்டுவிட்டேன்.

"எடுத்தல்" என்ற வினையிலும் கவனம் வேண்டும். ஸ்பெயினில் பழம் பறிக்க "கொஹேர்" என்ற சொல் வெகு இயல்பானது. பாடப்புத்தகத்திலும் அதுதான் இருக்கும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதே சொல் படுக்கையறைக் கொச்சை. அறநூலில் அது வேண்டாம்.

"அர்ரான்கார்" என்பது பிய்த்தெடுத்தல். கவர்தலில் உள்ள வெடுக்கென்ற தன்மை அதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவுடன் ஒரு மரம் முளைத்துவிடுகிறது. குறளில் மரம் இல்லை என்று முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேனே. பரிமேலழகரின் நுகர்தல் இங்கே கைகொடுத்தது. "மொர்தேர்", கடித்தல். மரம் மறைந்தது, வாய் வந்தது. இனிய சொல்லும் இன்னாத சொல்லும் வாயில்தானே பிறக்கின்றன. காயும் அதே வாய்க்குள் போகட்டும். கவர்தலின் பறிப்பு மட்டும் இதில் இழப்பு. அதை இழப்பு என்றே குறித்துவைத்தேன்.

பெரிய திருத்தம் அம்மாவிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தையிலிருந்து வாங்கி வந்த காய்கறிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம், "இன்னாத சொல்லுக்குக் கசப்பு என்று போட்டிருக்கிறேன்" என்றேன். "அமார்கோ" என்பது கசப்பு. அம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "காய் எங்கேடா கசக்கும்? பாகற்காய் கசக்கும், அது பழுத்தாலும் பெரிதாகத் தேறாது. மாங்காய் புளிக்கும். கொய்யாப் பிஞ்சும் வாழைக்காயும் துவர்க்கும். நாக்கைப் பிடித்து இழுக்கும்."

நாக்கைப் பிடித்து இழுப்பதற்கு ஸ்பானியத்தில் என்ன சொல்? அகராதியில் "ஆஸ்பெரோ" என்ற சொல்லைத் திறந்தேன். சொரசொரப்பு என்பது முதல் பொருள். கீழே இறங்கினால், சுவைக்கோ காதுக்கோ இதமில்லாதது என்று ஒரு பொருள். "ஆஸ்பெரா" ஆன பழம், "ஆஸ்பெரா" ஆன குரல் என்று இரண்டையுமே சொல்லலாம். கடுஞ்சொல்லுக்கும் துவர்க்கும் காய்க்கும் ஒரே சொல். "இன்னாத" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. முதல் வரியில் இதை வைத்துவிட்டால், இரண்டாம் வரியில் காய் வரும்போது நாக்கு ஏற்கெனவே துவர்க்கத் தொடங்கியிருக்கும்.

இப்போது சுருக்குங்கள்

குறளில் "சொல்" இல்லை என்று பார்த்தோம். ஸ்பானியத்திலும் அதை எடுத்துவிடலாம். அம்மொழியில் பொருள்களுக்கு ஆண்பால், பெண்பால் என்ற இரண்டு சுட்டுகளுடன் "லோ" என்ற பொதுச்சுட்டும் உண்டு. "லோ துல்செ" என்றால் இனியது. எந்தப் பெயரும் தேவையில்லை. நம் "இனிய" என்ற வடிவத்துக்கு நான் அறிந்தவரை மிக நெருங்கியது இதுவே. "பலாப்ராஸ்" இரண்டும் ஒரே வெட்டில் போயின.

அபியெந்தோ லோ துல்செ, தெசீர் லோ ஆஸ்பெரோ.

எழுதி முடித்துப் பெருமையோடு நண்பரிடம் காட்டினேன். "அபியெந்தோ" என்ற இடத்தில் முகம் சுளித்தார். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் இலக்கணத்தில் பார்த்தேன். "உண்டு" என்ற பொருளில் வரும் "அபேர்" வினை, சுட்டு இல்லாத பெயரைத்தான் விரும்பும். "அய் ஃப்ரூதா" (பழம் இருக்கிறது) சரி. "அய் லா ஃப்ரூதா" (அந்தப் பழம் இருக்கிறது) நொண்டும். "லோ" சுட்டு என்பதால் "அபியெந்தோ லோ துல்செ" என்பதும் நொண்டுகிறது. தமிழர் யாருக்கும் இது காதில் படாது. இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் அந்த மொழியில் பிறந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் இலக்கணம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, முகம் சுளிக்கத் தெரிந்தால் போதும்.

மாற்று வழி "தெனேர்", வைத்திருத்தல். "தெனியெந்தோ லோ துல்செ": இனியதை வைத்துக்கொண்டு. பரிமேலழகர் சேர்த்த "தனக்கு" இதோ ஒரு வினைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. உரையை மொழிபெயர்க்கவில்லை, ஆனால் எந்த வினை குறளுக்குப் பக்கம் என்று தேர்ந்தெடுக்க உரை உதவியது.

இரண்டாம் வரியில் இன்னும் தடுமாறினேன். "கோன் ஃப்ரூதா மதூரா, மொர்தேர் லா பேர்தே" என்று எழுதினால் அளவு அழகாக இருக்கும். ஆனால் "கோன்" என்றால் "உடன்". பழத்தோடு சேர்த்துக் காயையும் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறானா என்று கேட்கத் தோன்றும். "தெஹார் லா மதூரா, மொர்தேர் லா பேர்தே" (பழுத்ததை விட்டு, பச்சையைக் கடித்தல்) தெளிவாக இருந்தது, ஆனால் "பழம்" என்ற பெயரே போய்விட்டது. வெறும் பண்புகள் இரண்டு மோதிக்கொண்டன. முதல் வரியில் பெயர் இல்லாமல் போகலாம், குறளும் அப்படித்தான். இரண்டாம் வரியில் கனியும் காயும் கையில் தட்டுப்பட வேண்டும்.

கடைசியில் வழிவிட்டது "இ" என்ற ஓரெழுத்து. "உம்" என்ற பொருள்தான். ஆனால் ஸ்பானியப் பேச்சில் இரண்டு ஒவ்வாதவற்றுக்கு நடுவில் அதைப் போட்டால், "அப்படியிருந்தும்" என்ற திகைப்பு வந்துவிடும். "ஃப்ரூதா மதூரா, இ மொர்தேர் லா பேர்தே": பழுத்த பழம், இவன் கடிப்பதோ பச்சையை. முதல் வரியின் "வைத்துக்கொண்டு" இங்கேயும் சொல்லாமல் நிற்கிறது. இரண்டாவது "ஃப்ரூதா" தேவைப்படவில்லை. "லா" என்ற பெண்பால் சுட்டு அதைச் சுமந்துகொள்கிறது.

அசையை எண்ணுங்கள்

மூன்று விதிகள் தெரிந்தால் போதும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால், இரண்டும் ஒட்டி ஓர் அசையாகும், "சினலேஃபா" என்பார்கள். நாம் நடுவில் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வைத்துச் சேர்ப்போம். அவர்கள் ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டாவது, வரியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் எங்கே என்பது. அது இறுதி அசையில் விழுந்தால் ஒன்று கூட்டவும். கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் அப்படியே விடவும். அதற்கும் முந்தியதில் விழுந்தால் ஒன்று கழிக்கவும். மூன்றாவது, ஒட்ட வேண்டிய இரண்டாவது உயிரில் வரியின் கடைசி அழுத்தம் விழுந்தால், ஒட்டாமல் பிரித்துப் படிக்கக் கவிஞருக்கு உரிமை உண்டு.

தெ-னியென்-தோ-லோ-துல்-செ, தெ-சீர்-லோ-ஆஸ்-பெ-ரோ. எண்ணினால் பன்னிரண்டு. "ஆஸ்பெரோ" முதல் அசையில் அழுந்துவதால் ஒன்று கழித்து 11. "லோ"வையும் "ஆஸ்"ஸையும் மூன்றாம் விதிப்படி பிரித்தே படிக்கிறேன். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தட்டுவது துவர்ப்புக்குப் பொருத்தம்தான்.

ஃப்ரூ-தா-ம-தூ-ராஇ-மொர்-தேர்-லா-பேர்-தே. "ரா"வும் "இ"யும் ஒட்டிக்கொண்டால் 10. காற்புள்ளியில் நன்றாக நிறுத்திப் படிப்பவர் இரண்டையும் பிரிப்பார். அவருக்கு 11 வரும். இரண்டும் காதுக்கு நன்றாகவே இருக்கின்றன. ஒட்டிப் படித்தால் மொத்தம் 21, குறளின் 22க்கு ஒன்று குறைவு. குறளில் போலவே இரண்டாம் வரி சிறியது. இது நான் திட்டமிட்டதில்லை.

திட்டமிடாத இன்னொன்றும் கிடைத்தது. குறளில் "இனிய – இன்னாத", "கனி – காய்" என்று மோனை எதிரெதிரே நிற்கும். ஸ்பானிய வரிகளில் "துல்செ – தெசீர்" தகரத்தில் தொடங்குகின்றன, "மதூரா – மொர்தேர்" மகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் "இனிய – கனி" என்ற எதுகை போயே போய்விட்டது. அதை ஈடுகட்ட வரி இறுதியில் இயைபு வைக்கலாமா என்று முயன்றேன். ஸ்பானியத்தில் இயைபு எளிது, அதுவே ஆபத்து. இரண்டு குறுவரிகள் ஒரே ஓசையில் முடிந்தால் குழந்தைப் பாட்டாகிவிடுகிறது. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். வரியைக் கொடுத்துவிட்டு, "என்ன தெரிகிறது, உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதிலில் குறளில் இல்லாத பொருள் ஏதாவது வந்தால், அதை உங்கள் வரிதான் உள்ளே விட்டிருக்கிறது.

நண்பர் படித்தார். "நல்ல வார்த்தை சொல்ல முடிந்தும் கடுமையாகப் பேசுகிறவன். பழம் இருந்தும் காயைக் கடிக்கிறவன்" என்றார். மரம் வரவில்லை, நஞ்சு வரவில்லை, அறிவுரையும் வரவில்லை. நான் மூச்சு விடுவதற்குள் சிரித்துக்கொண்டே ஒன்று சேர்த்தார்: "ஆனால் மாங்கோ பீச்சே என்றால் நான் காயைத்தான் கடிப்பேன்." கொலம்பியாவில் தெருவோரம் மாங்காயைக் கீற்றாக்கி உப்பும் எலுமிச்சையும் போட்டு விற்பார்களாம், "பீச்சே" என்றால் அங்கே பழுக்காதது. நமக்கு மட்டும் என்ன? உணவங்காடி நிலையத்தின் ருஜாக்கில் மாங்காய்த் துண்டைத் தேடிப் பொறுக்குபவர்கள்தானே நாம். பழமும் காயும் எல்லா ஊரிலும் ஒன்று என்ற என் நினைப்பு உடைந்தது இங்கேதான்.

இதற்கு மருந்து, பழத்துக்குப் பெயர் வைக்காமல் இருப்பது. "ஸ்பானியருக்குப் புரியட்டும்" என்று அத்திப்பழம், மாம்பழம் என்று எதையாவது போட்டால், படிப்பவரின் நாட்டைப் பொறுத்து உவமை தலைகீழாகலாம். குறளும் பெயர் சொல்லவில்லை. அதோடு, "ஆஸ்பெரோ" முன்னாலேயே வந்துவிடுவதால், உப்பும் எலுமிச்சையும் போட்ட காய் நினைவுக்கு வருவதற்கு முன்பே துவர்க்கும் காய் வந்துவிடுகிறது. "அமார்கோ" என்றே விட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதைத்தானே அன்றைக்கே சொன்னேன்" என்றார்.

எழுதி வைக்கும்போது

தட்டச்சு செய்தால் இப்படி இருக்க வேண்டும்:

```
Teniendo lo dulce, decir lo áspero:
fruta madura, y morder la verde.
```

"á" எழுத்தின் மேலுள்ள கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எழுத்துப்பிழை. அழுத்தம் "பெ" மேல் விழுவதாகவும் படிப்பார்கள், வரியின் கடைசி அசைக்கணக்கே குழம்பும். கைப்பேசியில் a எழுத்தை அழுத்திப் பிடித்தால் அது வரும். விண்டோஸ் கணினியில் Alt பொத்தானைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0225 என்று தட்டலாம். முதல் வரியின் முடிவில் இருப்பது முக்காற்புள்ளிதானா என்றும் பாருங்கள். என் முதல் பிரதியில் அங்கே முற்றுப்புள்ளி விழுந்திருந்தது. அதைப் படித்தவர் இரண்டு தனித்தனிப் பழமொழிகள் என்று நினைத்துக்கொண்டார். அந்த இரண்டு சிறு புள்ளிகள்தான் இங்கே "அற்று".

அதிகாரத் தலைப்பையும் மேலே போட வேண்டுமா என்று யோசித்தேன். நம் வாசகருக்கு "இனியவை கூறல்" என்ற தலைப்பு குறளுக்கு முன்பே காதில் விழுந்திருக்கும். ஸ்பானிய வாசகருக்கு இல்லை. ஆனால் "தெசீர்", சொல்லல், வரிக்குள்ளேயே இருப்பதால் தலைப்பு இல்லாமலே பொருள் நிற்கிறது. கீழே குறள் எண் 100 என்று மட்டும் எழுதி, அச்செடுத்து நண்பரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கூட்டம் முடிந்து திரும்பியபோது என்னைப் பார்த்து, அன்று பேசிய ஒருவரைப் பற்றி, "லா பேர்தே" என்று மட்டும் முணுமுணுத்தார்.